ஆலை எழும்பும் காலத்து வட்டியும் ஆலை ஓடுவதற்கான முதலும்



ஒரு புதிய தொழிலுக்கு நிதி ஏற்பாடு செய்து தரும் பொறுப்பை மேற்கொள்ளுகிறவர் முதன்முதலாகத் தயாரிக்க வேண்டியது திட்டச் செலவுப் பட்டியல் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பட்டியலில் நிலம், கட்டிடம், யந்திரம், மின்சாரச் சாதனங்கள் என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்களெல்லாம் முன்வரிசையில் நிற்க, அடிப்பாகத்தில் இரண்டு இனங்கள் அடக்கமாக எழுதப்பட்டிருக்கும். ஒன்று, ஆலை கட்டி முடியும்வரை கடனுக்குச் செலுத்த வேண்டிய நிர்மாண கால வட்டி. மற்றொன்று, ஆலை ஓடத் தொடங்கியபின் கச்சாப் பொருள் வாங்கி, சரக்குச் செய்து, விற்றுப் பணம் திரும்பும்வரை முடங்கிக் கிடக்கும் நடைமுறை மூலதனத்தில் உரிமையாளர் தம் பங்காகப் போட வேண்டிய மார்ஜின் பணம். கட்டுமான இடத்தைப் பார்வையிட வரும் பாங்கு அதிகாரி செங்கல்லை எண்ணலாம், யந்திரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டு இனங்களையும் அவர் அங்கே காண முடியாது. அதனாலேயோ என்னவோ, பல திட்ட அறிக்கைகளில் மற்ற இனங்களையெல்லாம் விலைப்புள்ளி வைத்து நுணுக்கமாக எழுதியபின், இவ்விரண்டையும் ஒரு குத்துமதிப்பில் போட்டு மொத்தத்தை முழு எண்ணாக்கிவிடும் வழக்கம் நிலைத்துவிட்டது. இவ்விரண்டும் தனித்தனி இனங்கள்போல் தோன்றினாலும், திட்டம் தாமதப்படும்போது முன்னது வளருவதற்கு வேண்டிய பணம் பின்னதிலிருந்தே எடுக்கப்படுகிறது. இன்று நான் விரித்துச் சொல்ல விரும்புகிற விஷயம் அதுதான்.

பொதுவாகப் பேசிக்கொண்டு போவதைவிட ஓர் ஆலையை உதாரணமாக வைத்துக்கொண்டு பேசுவது பயன் தரும். கோயமுத்தூர், திண்டுக்கல் வட்டாரங்களில் காண்பது போன்ற ஒரு நூற்பாலை நம் உதாரணமாக இருக்கட்டும். விலைகளும் அளவுகளும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. நிலம், கட்டிடம், யந்திரம் முதலியவற்றுக்கு ஆகும் செலவு 90 கோடி ரூபாய். கட்டி முடிக்க 18 மாதம். மொத்தச் செலவில் 60 சதவிகிதம் 12 சதவிகித வட்டியில் நீண்டகாலக் கடன், மீதி 40 சதவிகிதம் உரிமையாளரின் பங்கு மூலதனம். உத்தேசப்படி மார்கழிக்கு முன், டிசம்பர் மாதத் தொடக்கத்தில், ஆலை உற்பத்தி ஆரம்பிக்க வேண்டும்.

முதலில், ஓடுவதற்கு எவ்வளவு முதல் வேண்டும் என்று பார்ப்போம். முதல் ஆண்டில் ஆலை தன் சக்தியில் முக்கால் பங்கு ஓடி, நாளொன்றுக்கு 6 டன் நூல் நூற்கும் என்று கொள்வோம். கோம்பரில் ஓட்டிய உயர்ந்த நம்பர் நூலாகையால் கழிவு அதிகம். 6 டன் நூலுக்கு 8 டன் பஞ்சு வேண்டியிருக்கும். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி 57,000 ரூபாய் என்றால் கிலோ சுமார் 160 ரூபாய். ஆக, நாள்தோறும் பஞ்சுக்கு மட்டும் 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கூலி, மின்சாரம், இதர செலவுகள் கிலோ நூலுக்கு 60 ரூபாய் வீதம் நாளொன்றுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். கழிவுப் பஞ்சை விற்று வரும் வரவைக் கணக்கின் எளிமைக்காக விட்டுவிடுகிறேன். இனி, இந்தப் பணம் எந்தெந்த நிலையில் எத்தனை நாள் தங்குகிறது என்று கேட்க வேண்டும். பஞ்சு கிடங்கில் 60 நாளுக்கு இருப்பு என்றால் 7 கோடியே 68 லட்சம். புளோ ரூம் தொடங்கி ஸ்பின்னிங்வரை யந்திரங்களுக்குள்ளேயே 5 நாள் சரக்கு நிற்கும். அதன்மேல் பாதிச் செலவு ஏறியிருக்கும் என்று கொண்டால் 73 லட்சம். கோனில் சுற்றிப் பெட்டியில் அடைத்த நூல் 10 நாள், 1 கோடியே 64 லட்சம். திருப்பூரிலும் ஈரோட்டிலும் நூல் வாங்குகிறவர்களுக்கு 30 நாள் தவணை, 4 கோடியே 92 லட்சம். உதிரிச் சாமான் 43 லட்சம். ஆக மொத்தம் 15 கோடியே 40 லட்சம்.

கடன்பாக்கியை விற்பனை விலையில் போடாமல் அடக்க விலையில் போட்டிருக்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். லாபம் நாம் கையிலிருந்து செலவிட்ட பணமன்று. அதற்கு முதல் தேட வேண்டியதில்லை. இந்த 15 கோடியே 40 லட்சத்தில் பாங்கு எவ்வளவு தரும்? 1974-இல் ரிசர்வ் வங்கி பிரகாஷ் டாண்டன் தலைமையில் அமைத்த குழு, சரக்கிருப்புக்கு ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அளவை வகுத்ததோடு, நடப்புச் சொத்துக்களின் மொத்தத்தில் குறைந்தது கால் பங்கை உரிமையாளர் நீண்டகால நிதியிலிருந்து போட வேண்டும் என்ற முறையையும் எடுத்துரைத்தது. 1997-இல் ரிசர்வ் வங்கி அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திப் பாங்குகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டாலும், கால் பங்கு மார்ஜின் என்னும் பழக்கம் பாங்குகளில் வேரூன்றிவிட்டது. அதன்படி நம் ஆலைக்கு வேண்டிய மார்ஜின் 3 கோடியே 85 லட்சம். 4 கோடி என்று வைத்துக்கொள்வோம். இது முதல் ஆண்டின் முக்கால் பங்கு ஓட்டத்துக்குப் போதுமான தொகை. பின்னர் ஓட்டம் பெருகும்போது வேண்டும் அதிகப்படி மார்ஜின் ஆலையின் லாபத்திலிருந்து வர வேண்டுமென்பதே வழக்கம்.

இந்தக் கணக்கில் எங்கே கை வைக்கிறார்கள் என்பது அனுபவசாலிகளுக்குத் தெரியும். திட்டச் செலவைக் குறைத்துக் காட்ட விரும்புகிறவர் யந்திரத்தின் விலையைக் குறைக்க மாட்டார், ஏனெனில் விலைப்புள்ளி கோப்பில் இருக்கிறது. பஞ்சு இருப்பை 60 நாளிலிருந்து 30 நாளாக்குவார். ஒரே ஓர் எண்ணை மாற்றியதில் 3 கோடியே 84 லட்சம் தேவை மறைந்து, மார்ஜினில் 96 லட்சம் குறைந்துவிடும். ஆனால் பஞ்சோ அக்டோபரில் வரத்துத் தொடங்கி மார்ச் மாதத்துக்குள் பெரும்பகுதி சந்தைக்கு வந்து தீருகிற பொருள். தமிழ்நாட்டில் விளைவது நம் ஆலைகளுக்கு எவ்விதத்திலும் போதாமையால் குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா முதலிய இடங்களிலிருந்து வாங்கி லாரியில் கொண்டுவர வேண்டும். அதுவும் பெரும்பாலும் ரொக்கத்துக்கு. ஆகவே திட்ட அறிக்கையில் 30 நாள் இருப்பு என்று காணும் இடத்தில், அருகில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளின் ஆண்டறிக்கையை எடுத்து, பஞ்சு இருப்பை ஆண்டுச் செலவால் வகுத்துப் பார்ப்பது பரிசீலனை செய்கிறவரின் கடமை. மார்ச் 31-ஆம் தேதி இருப்பு பருவத்தின் உச்சத்தைக் காட்டும் என்பதையும் அப்போது நினைவில் வைக்க வேண்டும்.

இப்பொழுது வட்டிக்கு வருவோம். நிர்மாண காலத்தில் ஆலைக்கு வரவு இல்லை. ஆகவே அக்காலத்து வட்டியும் திட்டச் செலவின் ஒரு பகுதியாகி, அதுவும் கடனாலும் பங்குப் பணத்தாலும் 60-க்கு 40 என்ற வீதத்திலேயே கொடுக்கப்படுகிறது. வட்டியை அறியக் கடன் தெரிய வேண்டும். கடனை அறியத் திட்டச் செலவு தெரிய வேண்டும். திட்டச் செலவை அறிய வட்டி தெரிய வேண்டும். இந்தச் சுழலைக் கண்டு புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் மலைப்பார்கள்; ஆனால் இரண்டு மூன்று முறை சுற்றினால் விடை தானே நிலைத்துவிடும். ஆறு காலாண்டுகளில் செலவு முறையே 5, 10, 15, 25, 25, 10 கோடி என்று நடப்பதாகவும், ஒவ்வொரு காலாண்டிலும் எடுக்கும் கடன் அக்காலாண்டின் நடுவில் எடுக்கப்படுவதாகவும், காலாண்டுக்கு 3 சதவிகிதம் வட்டி என்றும் கொள்வோம். முதற் சுற்றில், 90 கோடிக்கு எடுக்கும் கடனுக்கு மட்டும் வட்டி பார்த்தால் 4 கோடியே 14 லட்சம் வருகிறது. அந்த வட்டியைக் கட்டுவதற்காக ஒவ்வொரு காலாண்டின் இறுதியிலும் எடுத்த கடனுக்கும் வட்டி சேர்த்தால் 4 கோடியே 23 லட்சத்தில் நிற்கிறது. ஆக மொத்தத் திட்டச் செலவு, மார்ஜினையும் சேர்த்து, 98 கோடியே 23 லட்சம். கடன் சுமார் 58 கோடியே 94 லட்சம்.

பாதிக் கடனுக்கு முழுக் காலத்து வட்டி என்று ஒரு சுருக்கு வழி உண்டு. அதன்படி இங்கே 5 கோடியே 30 லட்சம் வரும். நம் ஆலையில் பெருஞ்செலவு பின்பாதியில் விழுவதால் சுருக்கு வழி அதிகம் காட்டுகிறது. யந்திரம் செய்வோர் முன்பணமாகப் பெருந்தொகை கேட்கும் திட்டத்தில் அதே வழி குறைத்துக் காட்டும். உரிமையாளர் தம் பங்குப் பணம் முழுவதையும் முதலில் செலவிட்டு, கடனைப் பிற்பாடு எடுத்தாரானால், நான்காவது காலாண்டின் நடுப்பகுதிவரை வட்டியே இராது. மொத்த வட்டி சுமார் இரண்டரைக் கோடியாகச் சுருங்கிவிடும். எனவே வட்டியின் அளவை நிர்ணயிப்பதில் வட்டி விகிதத்தைக் காட்டிலும் பணம் வரும் வரிசைக்கே முக்கியத்துவம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். செலவு அட்டவணையைக் காலாண்டு வாரியாகக் கேட்டு வாங்காமல் வட்டியை மதிப்பிட்ட அறிக்கையை நான் பூர்த்தியானதாகக் கருத மாட்டேன்.

கணக்கு இதுவரை ஒழுங்காக நடந்தது. இனித் தாமதத்தைப் பார்ப்போம். கட்டிடம் முடிந்துவிட்டது, யந்திரங்கள் வந்து இறங்கி, ரிங் பிரேம்கள் வரிசையாகப் பொருத்தப்பட்டுவிட்டன, ஆனால் உயர் அழுத்த மின் இணைப்புக்கு வேண்டிய டிரான்ஸ்பார்மர் வந்து சேரவில்லை, அல்லது நூற்புக் கூடத்தின் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிபிகேஷன் சாதனம் முடியவில்லை. இம்மாதிரிக் காரணங்களால் உற்பத்தி ஆறு மாதம் தள்ளிப்போகிறது. தாமதத்தின் முதல் இயல்பு என்னவென்றால், அது பெரும்பாலும் கடைசியில், கடன் ஏறக்குறைய முழுவதும் எடுக்கப்பட்டபின் நேருகிறது. முதல் காலாண்டு முழுவதற்கும் வட்டி 4 லட்சத்து 50 ஆயிரம். தாமத காலத்துக் காலாண்டு வட்டியோ, 56 கோடியே 54 லட்சம் கடனுக்கு, 1 கோடியே 70 லட்சம். இரண்டு காலாண்டுக்கு 3 கோடியே 39 லட்சம். அதனோடு வேலைக்கு எடுத்துவிட்ட மேற்பார்வையாளர்கள், காவல், இன்ஷூரன்ஸ் முதலிய செலவு சுமார் 60 லட்சம் சேர்ந்தால் ஏறக்குறைய 4 கோடி ஆகிறது.

இந்த 4 கோடி எங்கிருந்து வரும்? யந்திரத்துக்கும் கட்டிடத்துக்கும் உரிய பணம் செலவாகிவிட்டது. எதிர்பாராச் செலவுக்கென்று ஒதுக்கியது விலையேற்றத்தில் கரைந்திருக்கும். அந்த நாளில் திட்டத்தில் இன்னும் செலவழியாமல் நிற்கும் ஒரே இனம் மார்ஜின் பணம். ஏனெனில் அது உற்பத்தி தொடங்கும் தறுவாயில்தான் வேண்டும். ஆகவே வட்டி தவணை தவறினால் கணக்கு வாராக் கடனாகிவிடுமே என்ற அச்சத்தில், உரிமையாளரும் சில சமயம் பாங்குமே ஒத்துக்கொண்டு, மார்ஜினுக்கென்று இருந்த 4 கோடியை வட்டியாகக் கட்டிவிடுகிறார்கள். புத்தகத்தில் திட்டம் பூர்த்தியாகிவிட்டது. மொத்தச் செலவும் 98 கோடியே 23 லட்சத்தைத் தாண்டவில்லை. செலவு மீறல் இல்லை என்று அறிக்கையும் எழுதப்படுகிறது. ஆனால் கிடங்கில் பஞ்சு இல்லை.

இங்கேதான் பாங்கின் இயல்பான விதி ஆலையின் கையைக் கட்டிவிடுகிறது. கேஷ் கிரெடிட் 11 கோடிக்கு மேல் மஞ்சூர் ஆகியிருக்கலாம். ஆனால் மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்டிலிருந்து, பணம் கொடுத்து வாங்கிய சரக்கில் கால் பங்கைக் கழித்துத்தான் டிராயிங் பவர் கணக்கிடுவார்கள். முதல் ஒரு ரூபாய் உரிமையாளர் போட்டால்தான் பாங்கின் மூன்று ரூபாய் இறங்கும். உறவினரிடமும் தெரிந்தவரிடமும் புரட்டி உரிமையாளர் 1 கோடி கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாங்கின் 3 கோடியோடு 4 கோடி ஆகும். வேண்டியதோ 15 கோடியே 40 லட்சம். இந்த 4 கோடியில் ஆலையை உத்தேசித்த வேகத்தில் ஓட்ட வேண்டுமானால் பஞ்சு இருப்பு 12 நாளுக்கு மேல் வைக்க முடியாது. நூலை ஒரு வாரத் தவணைக்கு மேல் விற்க முடியாது. பஞ்சை அதன் உற்பத்தி இடத்தில் லாட்டுப் பார்த்து வாங்குவதற்குப் பதில் உள்ளூர் வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். ரொக்கம் கொடுக்கும் ஏஜெண்டுக்கு அவர் கேட்கும் விலைக்கு விற்க வேண்டியிருக்கும். பஞ்சு கிலோவுக்கு 5 ரூபாய் அதிகம், நூல் கிலோவுக்கு 5 ரூபாய் குறைவு என்று வைத்தாலும் நாளுக்கு 70,000 ரூபாய் நஷ்டம். 350 நாள் ஓட்டத்தில் 2 கோடியே 45 லட்சம். மார்ஜினில் 3 கோடி குறைந்ததற்கு ஆலை ஆண்டுதோறும் கொடுக்கும் விலை இது. இதற்கு நடுவே, கடனின் அசலைத் திருப்பும் தவணை உற்பத்தி தொடங்கிய நாளை நோக்காமல் ஒப்பந்தத்தில் எழுதிய தேதியில் வந்து நிற்கும். ஏழு ஆண்டுத் தவணை என்றால் காலாண்டுக்கு 2 கோடியே 10 லட்சம்.

பருவம் தவறுவது இந்தச் சங்கடத்தை இன்னும் பெருக்கும். டிசம்பரில் தொடங்கியிருந்தால் வரத்துப் பெருகும் காலத்தில் நாளுக்கு நாள் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஜூன் மாதத்தில் தொடங்கும் ஆலை, புதுப் பஞ்சு வரும் வரையில் குறைந்தது 90 நாள் இருப்பாவது கட்டிக்கொள்ள வேண்டும். மூலத் திட்டத்தில் 60 நாள் போதும் என்றிருந்தது அன்றைய தேதிக்குச் சரி. தேதி மாறியபின் அதே கணக்கை வைத்துக்கொண்டிருப்பது பிழை. தொடக்கத் தேதி தள்ளிப்போனதைப் பாங்குக்கு எழுதும் கடிதத்தில் வட்டி எவ்வளவு கூடியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நடைமுறை மூலதனத் தேவை எவ்வளவு கூடியது என்று எழுதியதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

மார்ஜின் கரைந்துவிட்டதை எப்படி அறிவது? ஆலை தொடங்கிய மூன்றாவது மாதத்து ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் பஞ்சு இருப்பு பத்துப் பன்னிரண்டு நாளுக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். வழக்கமாகக் கடன் தராத பஞ்சு வியாபாரத்தில் வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகும். எல்.சி. எடுத்த இடத்தில் கெடு நாளில் பணம் கட்டாமல் பாங்கே கட்ட வேண்டி வரும். உற்பத்திப் பதிவேட்டில் யந்திரக் கோளாறு என்றில்லாமல் பஞ்சு இல்லாமையால் நின்ற கதிர்களின் எண்ணிக்கை தனிப் பத்தியில் தெரியும். அந்தப் பத்தியை ஆலை மானேஜர் அறிவார், பாங்கு கேட்டு வாங்குவதில்லை.

தாமத காலத்து வட்டியைச் சொத்தின் விலையில் ஏற்றிவிட்டால் நஷ்டம் தெரியாதே என்று சிலர் ஆறுதல் அடைவதுண்டு. உற்பத்திக்கு முன் கட்டிய வட்டி யந்திரத்தின் அடக்க விலையில் சேரும் என்பதைச் சல்லப்பள்ளி சர்க்கரை ஆலை வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. அதன்பேரில் தேய்மானமும் கிடைக்கும். ஆனால் கணக்கியல் நியதி, நிர்மாண வேலை உண்மையில் நடவாமல் நெடுநாள் நின்றுபோன காலத்துக்கு வட்டியைச் சொத்தில் ஏற்றுவதை நிறுத்திவைக்கச் சொல்லுகிறது. தவிர, சொத்தில் ஏற்றினாலும் நஷ்டத்தில் எழுதினாலும், பாங்குக்குப் போன பணம் போனதுதான். அதைக் கொண்டு பஞ்சு வாங்க முடியாது.

பரிகாரம் என்ன? மார்ஜின் 4 கோடியையும் உரிமையாளரின் பங்குப் பணத்திலிருந்தே கொடுக்கச் செய்து, கடன் முழுவதையும் கட்டிடத்துக்கும் யந்திரத்துக்கும் உரியதாக்கி, உற்பத்திக்கு ஆறு மாதம் முன்னதாகவே அந்த 4 கோடியை நடைமுறை மூலதனம் தரப்போகும் பாங்கில் உரிமைப் பற்றோடு டிபாசிட்டாக வைத்துவிட வேண்டும் என்பது நான் சொல்லும் முறை. உரிமையாளர்கள் இதை விரும்புவதில்லை. 12 சதவிகிதக் கடனைக் குறைக்கக்கூடிய பணத்தை 7 சதவிகித டிபாசிட்டில் தூங்கவிடுவதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆறு மாதத்துக்கு அந்த வித்தியாசம் 10 லட்சம். டிபாசிட் வட்டி 14 லட்சத்தின் மேல் வருமான வரியும் உண்டு; உற்பத்தி தொடங்குமுன் கடன் பணத்தைக் குறுகிய கால டிபாசிட்டில் போட்டு ஈட்டிய வட்டி தனி வருமானமே, அதைத் திட்டச் செலவில் கழிக்க முடியாது என்று தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. சொந்தப் பணத்து டிபாசிட்டுக்கு விலக்கு எதிர்பார்க்க இன்னும் குறைந்த இடமே உண்டு. கால் பங்கு வரி என்றால் மூன்றரை லட்சம். ஆக எல்லாம் சேர்ந்து 13 அல்லது 14 லட்சம் செலவு. காப்பாற்றுவது ஆண்டுக்கு 2 கோடியே 45 லட்சம் நஷ்டத்திலிருந்து.

டிபாசிட் மட்டும் தாமதத்தின் வட்டியைக் கட்டாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 3 கோடியே 39 லட்சம் வேறு இடத்திலிருந்து வந்தே தீர வேண்டும். நிர்மாண காலத்தில் செலவு மீறும் திட்டங்களுக்குப் பாங்குகள் துணைக் கடன் தருவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2014-இல் பிறப்பித்த சுற்றறிக்கை, தாமதத்தால் கூடும் வட்டியையும், அது நீங்கலாக மூலத் திட்டச் செலவில் 10 சதவிகிதம்வரை இதர மீறலையும் பாங்குகள் கொடுக்க இடம் தந்தது. ஆனால் அந்தத் துணைக் கடனை முதல் நாளிலேயே கேட்டு ஏற்பாடு செய்துகொண்டவருக்கும், நெருக்கடி வந்தபின் கேட்கிறவருக்கும் பாங்கு காட்டும் முகம் வேறு வேறு. ஆகவே நிதி ஏற்பாட்டுப் பணியை ஏற்றவர் தம் அறிக்கையில், தாமதம் மூன்று மாதமானால் வட்டி எவ்வளவு, ஆறு மாதமானால் எவ்வளவு, தொடக்கம் எந்த மாதத்தில் விழுந்தால் பஞ்சு எத்தனை நாள் வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, அந்த வட்டிக்குத் துணைக் கடனையும் உரிமையாளரின் எழுத்து மூலமான பொறுப்பையும் முதல் ஒப்பந்தத்திலேயே பெற்றுத் தர வேண்டும். நடைமுறை மூலதனம் தரும் பாங்கின் சம்மதக் கடிதமும் முதல் கடன் தவணை இறங்குமுன் கோப்பில் இருக்க வேண்டும்.